மைனஸ் எண்களுக்கு எண்கோடா, கடனா, வெப்பநிலையா?

சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 தேர்வு முடிவு வந்தபின், உயர்நிலை 1 தொடங்குவதற்குமுன் ஒரு டிசம்பர் விடுமுறை இருக்கிறது. "கணக்குல முன்கூட்டியே ஏதாவது சொல்லிக் கொடுங்களேன்" என்று பெற்றோர் வந்து நிற்பது அந்த வாரங்களில்தான். உயர்நிலை 1 கணக்கில் சீக்கிரமே வருவது மைனஸ் எண்கள். அதற்குச் சொல்லித்தரும் வழிகளாக மூன்று எல்லோருக்கும் தெரியும்: எண்கோடு வரைவது, கடன் கணக்காகச் சொல்வது, வெப்பநிலையாகக் காட்டுவது. பல டியூஷன் வகுப்புகளில் மூன்றையும் ஒரே மணி நேரத்தில் கலந்து ஊற்றுகிறார்கள். பிள்ளை எதையும் பிடித்துக்கொள்ளாமல், "ரெண்டு மைனஸ் சேர்ந்தா பிளஸ்" என்ற ஒற்றை வரியோடு வீட்டுக்குப் போகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெப்பநிலையில் தொடங்கி, எண்கோட்டில் நிலைகொள்ள வேண்டும். கடனைக் கடைசியில், குறிப்பிட்ட இரண்டு வேலைகளுக்கு மட்டும் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பிள்ளைக்குப் பணம்தான் நன்றாகத் தெரியும் என்று கடனில் ஆரம்பிக்கிறார்கள்.

மூன்றையும் பொதுவாக ஒப்பிட்டால் எல்லாமே நல்ல வழியாகத்தான் தோன்றும். −2 + 5 என்ற கணக்கை எதை வைத்தும் விளக்கலாம். உண்மையான சோதனை 3 − (−5) வரும்போதுதான். ஒரு மைனஸ் எண்ணைக் கழிப்பது என்றால் என்ன? அந்தக் கேள்விக்கு விதியைச் சொல்லாமலே பிள்ளை 8 என்ற விடையை எட்டுகிறதா? இந்தக் கட்டுரையில் நான் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.

முதலில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்க

எதையும் சொல்லித்தருவதற்குமுன் ஒரு வெற்றுத்தாளில் நான்கு கேள்விகள் எழுதிக் கொடுங்கள். −8, −3 இரண்டில் எது பெரியது? −2 + 5 எவ்வளவு? −3 − 5 எவ்வளவு? 3 − (−5) எவ்வளவு?

மூன்றாவது கேள்விக்கு 8 என்று எழுதினால் அந்தப் பிள்ளை யாரிடமோ "ரெண்டு மைனஸ் பிளஸ்" விதியைக் கேட்டிருக்கிறது. வரியில் இரண்டு மைனஸ் தெரிகிறது, உடனே பிளஸ் ஆக்கிவிட்டது. இதே பிள்ளை நான்காவது கேள்விக்கும் 8 என்றுதான் எழுதியிருக்கும், அது சரியான விடையும்கூட. அதனால் நான்காவது கேள்வியை மட்டும் பார்த்து "நம்ம பிள்ளைக்குத் தெரியும்" என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரிந்து செய்ததா, விதியை வைத்து அடித்ததா என்று தெரியும். இரண்டாவது கேள்வியில் வரும் தவறுகளுக்குத் தனிக் கதை இருக்கிறது, எண்கோட்டுக்கு வரும்போது சொல்கிறேன்.

கடன்: பிள்ளைக்குத் தெரிந்த கதை, தப்பித்துக்கொள்ளவும் வசதி

கடன் வழி ரொம்பப் பழையது. 628-ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் மைனஸ் எண்களுக்கான விதிகளை எழுதியபோதே செல்வம், கடன் என்ற சொற்களில்தான் எழுதினார். பூஜ்ஜியத்திலிருந்து கடனைக் கழித்தால் செல்வம் என்பது அவர் சொன்ன விதிகளில் ஒன்று. இன்றைய எழுத்தில் 0 − (−5) = 5. ஆக, கடனை வைத்து முழுக் கணக்கையும் கட்ட முடியும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் எழுதியது கணக்கு தெரிந்த பெரியவர்களுக்கு. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

பள்ளி உணவகக் கதையைச் சொல்லி ஒரு மாணவியிடம் கேட்டேன்.

"உன்கிட்ட 3 வெள்ளி இருக்கு. வாங்கின சாப்பாடும் தண்ணியும் சேர்த்து 8 வெள்ளி. மிச்சத்தை உன் தோழி கொடுத்தா. இப்ப உன் நிலை என்ன?"

"அவளுக்கு 5 வெள்ளி தரணும் சார்."

"சரி, அதை எண்ணா எழுது."

அவள் எழுதியது 5.

இதில் அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. 8-லிருந்து 3-ஐக் கழித்தாள், 5 வந்தது, "தரணும்" என்ற வார்த்தையால் திசையைச் சொல்லிவிட்டாள். மைனஸ் என்பது வார்த்தையிலேயே தங்கிவிட்டது, எண்ணுக்குள் வரவே இல்லை. நாம் செய்யச் சொன்ன கணக்கு 3 − 8, அவள் செய்தது 8 − 3. கடன் கதை பிள்ளைக்கு அவ்வளவு பழக்கமாக இருப்பதால்தான் இந்தச் சிக்கல். தொடக்கநிலையில் கற்ற கழித்தலை வைத்தே எல்லாக் கடன் கேள்விக்கும் விடை சொல்லிவிட முடியும். மைனஸ் எண் தேவைப்படும் இடத்தை அது சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறது. நாமும் விடை சரி என்று தலையாட்டிவிடுகிறோம்.

அடுத்தது வரிசை. −8 பெரியதா, −3 பெரியதா என்று கடன் கதையில் கேட்டால், "8 வெள்ளி கடன்தானே சார் பெரிசு" என்பார்கள். அதுவும் நியாயமான பதில்தான். கடனாகப் பார்த்தால் 8 பெரியது, நிலைமையாகப் பார்த்தால் −8 கீழே. "யார் வசதியா இருக்காங்க?" என்று கேள்வியை மாற்றினால் சரியான பதில் வரும். ஆனால் அப்படி மாற்றும்போதே வசதி குறைந்தவரிலிருந்து கூடியவர்வரை ஒரு கோட்டில் நிறுத்திவிடுகிறோம். அதற்குக் கோட்டையே நேராக வரைந்துவிடலாம்.

இப்போது 3 − (−5). கதையில் இதன் பொருள்: உன்னிடம் 3 வெள்ளி இருக்கிறது, 5 வெள்ளிக் கடனை நீக்கு. பிள்ளை உடனே கேட்கும்: "எனக்குத்தான் கடனே இல்லையே, எதை நீக்குறது?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லக் கதையைப் பின்னால் இழுக்க வேண்டும். முதலில் 5 வெள்ளி கடன் வாங்கு. இப்போது கையில் 8, கடன் 5, மொத்த நிலை இன்னும் 3-தான். அப்புறம் கடன் கொடுத்தவர் "வேணாம், வச்சுக்கோ" என்கிறார். கடன் போய்விட்டது, கையில் 8. கணக்கு அழகாகத்தான் முடிகிறது. ஆனால் கேள்வியில் இல்லாத ஒரு கடனை நாமே உண்டாக்கி, நாமே தள்ளுபடி செய்கிறோம். கெட்டிக்காரப் பிள்ளை ரசிக்கும். மற்றவர்களுக்கு அது வித்தை காட்டியதுபோல இருக்கும். அடுத்த கேள்வியில் தானாகச் செய்ய வராது.

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் பயன்படுத்தும் ஆல்ஜிடிஸ்க் வட்டுகளும் இதே யோசனையைக் கையில் எடுத்துச் செய்ய வைப்பவைதான். வட்டின் ஒரு பக்கம் 1, மறுபக்கம் −1. ஒரு 1 வட்டும் ஒரு −1 வட்டும் சேர்ந்தால் பூஜ்ஜிய ஜோடி. −2 − (−6) செய்ய வேண்டுமென்றால் மேசையில் −1 வட்டு இரண்டுதான் இருக்கிறது, ஆறு எடுக்க வேண்டும். நான்கு பூஜ்ஜிய ஜோடிகளைப் போட்டால் −1 வட்டுகள் ஆறாகிவிடும். அவற்றை எடுத்துவிட்டால் 1 வட்டுகள் நான்கு மிஞ்சும். விடை 4. வாயால் சொல்லும் கடன் கதையைவிட இது எவ்வளவோ மேல். காரணம், ஜோடி போடுவதால் மொத்தம் மாறவில்லை என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கிறது. பின்னால் இயற்கணிதத்தில் x, −x வட்டுகளாகவும் இது நீளும். அதனால் பள்ளியில் வட்டு வந்தால் ஒதுக்க வேண்டாம். ஆனால் அதற்குமுன் எண்களின் இடம் மனதில் பதிந்திருக்க வேண்டும். வட்டுகளைக் குவித்து வைத்தால் எது பெரியது, எது சிறியது என்பது தெரியாது.

கடன் கதையில் இன்னொரு சங்கடமும் உண்டு. சில வீடுகளில் கடன் என்பது கதை இல்லை. "உங்கப்பா கடன் வாங்கினார்னு வச்சுக்குவோம்" என்று தொடங்கும் கேள்வியைக் கேட்டு ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டால், அந்த வகுப்பில் அவன் அதற்குமேல் எதையும் கேட்கப்போவதில்லை. சொல்வதானால் தோழர்களுக்குள், உணவகத்தில், சில வெள்ளிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெப்பநிலை: குளிரே தெரியாத ஊரில்

வெப்பநிலையைச் சொன்னால் இங்கே உடனே ஓர் எதிர்வாதம் வரும். 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிதான ஊரில் மைனஸ் 6 டிகிரி பிள்ளைக்கு எப்படிப் புரியும்? பனி பார்க்காத பிள்ளைக்கு அது வெறும் கதைதானே?

எனக்கு இந்த வாதத்தில் பாதிதான் உடன்பாடு. குளிரை உணர்ந்திருக்க வேண்டிய தேவை இல்லை, அளவுகோலைப் பார்த்திருந்தால் போதும். அதைச் சிங்கப்பூர்ப் பிள்ளை பார்த்திருக்கிறது. உறைந்த உணவுக்கான வழக்கமான அளவு −18 டிகிரி. மீன் உருண்டைப் பாக்கெட்டின் பின்புறத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். பேரங்காடியின் உறைபெட்டிகளில் மைனஸ் எண் எரிந்துகொண்டிருக்கும். −18, −12 இரண்டில் எது கீழே என்று கேட்டால், கடன் கதையில் தடுமாறிய அதே பிள்ளை யோசிக்காமல் சரியாகச் சொல்லும். வெப்பநிலையில் கீழே, மேலே என்ற வரிசை உள்ளேயே இருக்கிறது.

இன்னொரு நன்மை பூஜ்ஜியம். கடனில் பூஜ்ஜியம் என்றால் ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லாததற்குக் கீழே எப்படிப் போவது என்று பிள்ளை முழிப்பது இயல்பு. வெப்பநிலையில் 0 என்பது நீர் உறையும் இடத்துக்கு நாம் வைத்த பெயர். 1742-இல் செல்சியஸ் முதலில் முன்வைத்த அளவுகோலில் கொதிநிலைதான் 0, உறைநிலை 100. பிறகுதான் அதைத் திருப்பிப் போட்டார்கள். இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். கூடவே, பூஜ்ஜியம் நாம் தேர்ந்தெடுத்த ஓர் இடம்தான், அதற்குக் கீழேயும் இடம் இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

3 − (−5) என்ற கணக்குக்கு வெப்பநிலைதான் நேரான வாசல் என்பது என் எண்ணம். படிகளைச் சொல்கிறேன்.

முதலில் ஊர்க் கணக்கு. காலையில் 25 டிகிரி, மதியம் 32 டிகிரி. எவ்வளவு ஏறியது? 7. அதை எப்படி எழுதுவாய்? 32 − 25 = 7. மதியத்திலிருந்து காலையைக் கழித்தோம், அதாவது பிந்தையதிலிருந்து முந்தையதைக் கழித்தோம். இதைப் பிள்ளையே வாயால் சொல்லட்டும். இன்னும் ஒன்றிரண்டு செய்யட்டும்.

பிறகு சோல் நகரம். டிசம்பரில் அங்கே சுற்றுலா போய்வந்த பிள்ளை வகுப்பில் ஒன்றாவது இருக்கும். காலையில் −5 டிகிரி, மதியம் 3 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு ஏறியது? செங்குத்தாக ஒரு வெப்பமானி வரைந்து கொடுத்தால், −5-லிருந்து 0-க்கு 5, அங்கிருந்து 3-க்கு இன்னும் 3, ஆக 8 என்று எண்ணிவிடும். இப்போது, "முன்னாடி ஊர்க் கணக்குல செஞ்ச மாதிரியே எழுது" என்று சொல்லுங்கள். பிந்தையது கழித்தல் முந்தையது: 3 − (−5) = 8.

இங்கே யாரும் விதி சொல்லவில்லை, இல்லாத கடனை உண்டாக்கவில்லை. விடை முதலில் வந்துவிட்டது. அதை எழுதும் முறைதான் பின்னால் வந்தது. மைனஸ் எண்ணைக் கழிப்பது என்றால் அந்த இடத்திலிருந்து இந்த இடம்வரை எவ்வளவு மாறியது என்று கேட்பது. அவ்வளவுதான்.

அதே நாள் இரவு −6 டிகிரிக்கு இறங்கியது என்றால்? மதியத்திலிருந்து இரவு: −6 − 3. இறங்கியது 9 டிகிரி, ஆகவே −9. முன்பு −3 − 5-க்கு 8 என்று எழுதிய பிள்ளையின் கையில் இப்போது அதேபோன்ற ஒரு கணக்கு இருக்கிறது. இறங்கியதை ஏறியதாக எழுத அதற்கு மனம் வராது. விடியற்காலையில் −6, எட்டு மணிக்கு −2 என்றால் −2 − (−6) = 4. வட்டில் நான்கு ஜோடி போட்டுச் செய்த அதே கணக்கு, இங்கே விரலால் தொட்டுப் பார்த்து முடிகிறது.

சரி, அப்படியானால் வெப்பநிலையோடு நின்றுவிடலாமே? முடியாது. வெப்பநிலைகளைக் கூட்ட முடியாது என்பதுதான் அதன் பெரிய குறை. −18 டிகிரியில் இருக்கும் இரண்டு உறைபெட்டிகளைப் பக்கத்தில் வைத்தால் −36 ஆகாது. −6 + 9 என்பதை, −6-இல் இருந்தது, 9 டிகிரி ஏறியது என்று சொல்லலாம். அங்கே −6 ஓர் இடம், 9 ஒரு மாற்றம். இரண்டும் ஒரே வகை இல்லை. −6 + (−4) என்று வரும்போது, "4 டிகிரி இறக்கத்தைக் கூட்டு" என்று சொல்ல வேண்டியிருக்கும். இறங்கியது என்று சொன்னால் போதுமே, ஏன் கூட்ட வேண்டும் என்று பிள்ளைக்குத் தோன்றும். இங்கேதான் வெப்பமானியைச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும்.

எண்கோடு: வெப்பமானியைப் படுக்க வைத்தால்

இதை நிஜமாகவே செய்யலாம். செங்குத்தாக வரைந்த தாளை வலது பக்கமாகத் திருப்பினால், மேலே இருந்தது வலப்புறம் வந்துவிடும். ஏறுவது வலப்பக்கம், இறங்குவது இடப்பக்கம். புதிதாக ஒன்றும் கற்கவேண்டியதில்லை. டிகிரி என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுகிறோம்.

பிறகு ஒரு வெற்றுக்கோட்டைக் கொடுத்து, −10 முதல் 10 வரை பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். அச்சடித்த கோட்டைக் கொடுக்காதீர்கள். எழுதும்போதுதான் கோளாறு வெளியே வரும். பூஜ்ஜியத்துக்கு இடப்பக்கம் பேனாவை வைத்து, வழக்கமான பழக்கத்தில் இடமிருந்து வலமாக −1, −2, −3 என்று எழுதிக்கொண்டு வந்து 0-இல் முட்டுபவர்கள் உண்டு. பூஜ்ஜியத்தையே விட்டுவிடுபவர்கள் உண்டு. −2.5-ஐக் குறிக்கச் சொன்னால் −2-க்கும் −1-க்கும் நடுவில் வைப்பவர்கள் நிறைய. 2-ஐ விட 2.5 கூடுதல், ஆகவே வலப்பக்கம் என்ற பழைய பழக்கம் அது. வெப்பமானிக்குத் திரும்பி, −2-ஐ விட −2.5 குளிரா என்று ஒரு கேள்வி கேட்டால் தானாகவே மாற்றி வைப்பார்கள்.

முதலில் கேட்ட −2 + 5-க்கு இப்போது வருகிறேன். சரியான விடை 3. அதற்கு 2 என்ற விடை வந்தால், பிள்ளை நிற்கும் −2 என்ற இடத்தையே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருக்கிறது. இடத்தை எண்ணாமல் தாவலை எண்ணச் சொன்னால் சரியாகிவிடும். ஒவ்வொரு தாவலுக்கும் வளைவு போட வைத்தால் ஐந்து வளைவுகள் கண்ணுக்குத் தெரியும். 4 என்ற விடை வந்தால் கதை வேறு. அந்தப் பிள்ளை −1-லிருந்து நேராக 1-க்குத் தாவியிருக்கிறது, பூஜ்ஜியத்தை எண்ணவில்லை. 7 அல்லது −7 என்று வந்தால் கோட்டைப் பார்க்கவே இல்லை, 2-ஐயும் 5-ஐயும் கூட்டிவிட்டுக் குறியை யோசித்திருக்கிறது. மூன்று தவறுக்கும் மூன்று வேறு மருந்து. வேறு எந்த வழியிலும் தவறு இவ்வளவு தெளிவாகத் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. எண்கோட்டை நடு வழியாக நான் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூஜ்ஜியத்தை விழுங்கும் அந்த 4, சிங்கப்பூரில் அடிக்கடி வரக் காரணம் மின்தூக்கி. எண்கோட்டை விளக்க மின்தூக்கிதான் நல்ல உதாரணம் என்று பலரும் அதை எடுக்கிறார்கள். தேக்காவில் முஸ்தபாவுக்கு வாரம் ஒருமுறையாவது போகிற பிள்ளைகள். அங்கே அடித்தளங்கள் B1, B2 என்று இருக்கின்றன. B2-வை −2 என்று வைத்துக்கொண்டு ஐந்து தளம் ஏறுங்கள்: B1, 1, 2, 3, 4. விடை 4. இந்த ஊர்க் கட்டடங்களில் தரைத்தளமே 1, அதற்குக் கீழே நேராக B1. நடுவில் பூஜ்ஜியம் கிடையாது. மின்தூக்கி சொல்வதை நம்பினால் −2 + 5 = 4. தரைத்தளத்தை 0 அல்லது G என்று குறிக்கும் ஊர்களுக்கு இந்த உதாரணம் பொருந்தும், இங்கே அது தவறைத்தான் பயிற்றுவிக்கும். பிள்ளைகள் நன்றாகத் தேறியபிறகு, "மின்தூக்கி ஏன் தப்பா வருது?" என்று ஒரு புதிராகக் கேட்கலாம், அது வேறு விஷயம்.

எண்கோட்டில் 3 − (−5)-ஐச் செய்ய இரண்டு பழக்கங்கள் இருக்கின்றன. ஒன்று நடக்கும் முறை. எண்ணில் நில், பிளஸ் என்றால் வலப்பக்கம் பார், மைனஸ் என்றால் இடப்பக்கம் திரும்பு, அடுத்த எண் மைனஸ் என்றால் பின்னோக்கி நட. நடக்கும் மனிதரை வைத்து விளக்குவதும் பழசுதான். 1685-இல் ஜான் வாலிஸ், 5 கஜம் முன்னேறி 8 கஜம் பின்வாங்கியவர் தொடங்கிய இடத்திலிருந்து −3 கஜத்தில் நிற்கிறார் என்று எழுதினார். வாலிஸ் சொன்னதில் குழப்பம் இல்லை, அது 5 − 8 மட்டும்தான். திரும்பிக்கொண்டு பின்னோக்கி நடப்பது பிற்பாடு சேர்ந்தது. தரையில் டேப் ஒட்டி நடக்கவிட்டால் வகுப்பு குதூகலமாக இருக்கும். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டுப் பாருங்கள், எதற்குத் திரும்புவது, எதற்குப் பின்னால் போவது என்பதில் பாதிப் பேர் குழம்பியிருப்பார்கள். ஏன் திரும்ப வேண்டும் என்பதற்குக் காரணம் சொல்லப்படாததால் அதுவும் மனப்பாட விதியாகத்தான் போய்விடுகிறது.

எனக்குப் பிடித்தது மற்றது, வெப்பமானியில் ஏற்கெனவே செய்ததுதான். 3 − (−5) என்றால் −5-லிருந்து 3-க்குப் போகும் பயணம். எத்தனை தாவல், எந்தப் பக்கம்? எட்டுத் தாவல், வலப்பக்கம், ஆகவே +8. இதில் ஓர் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். 9 − 4 என்பதை இதுவரை பிள்ளை, 9-இல் நின்று இடப்பக்கம் 4 தாவுவதாகத்தான் அறிந்திருக்கும். இப்போது 4-லிருந்து 9-க்குப் பயணம் என்கிறோம். இரண்டுக்கும் விடை 5 என்று சில கணக்குகளில் செய்து பார்க்க விட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். 2 − 7-ஐயும் இரண்டு விதமாகச் செய்யட்டும். 2-இல் நின்று இடப்பக்கம் 7 தாவினால் −5. 7-லிருந்து 2-க்குப் பயணம் என்றால் இடப்பக்கம் 5, அதுவும் −5. இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால், பயணத்தைத் தொடங்கும் எண் எது என்பதில் குழப்பம் வரும். 3 − (−5)-க்கு −8 என்று விடை வந்தால் அதுதான் காரணம், 3-லிருந்து −5-க்குப் போயிருக்கிறார்கள்.

பயணமாக ஐந்தாறு கணக்குச் செய்தபிறகு விடைகளைக் கீழே கீழே எழுத வையுங்கள். 3 − (−5) = 8, 1 − (−4) = 5, −2 − (−6) = 4. பக்கத்திலேயே 3 + 5, 1 + 4, −2 + 6. "எல்லாம் கூட்டின மாதிரியே வருதே" என்று பிள்ளை சொல்லும். விதி அப்போது வந்தால் போதும். அது எந்த இடத்துக்குப் பொருந்தும் என்பதும் கூடவே வந்துவிடுகிறது, கழித்தல் குறியும் மைனஸ் எண்ணும் அடுத்தடுத்து நிற்கும்போது மட்டும். −3 − 5-இல் அப்படி நிற்கவில்லை.

கடன் திரும்பி வரும் இடம்

எண்கோட்டுக்கும் எல்லை உண்டு. −47 + 19 வந்தால் தாவித் தாவி எண்ண முடியாது. அளவு குறிக்காத வெறும் கோடு போட்டு, −47-ஐ ஒரு புள்ளியாக வைத்து, 19 வலப்பக்கம் போனால் பூஜ்ஜியத்தைத் தாண்டுமா என்று பார்க்கலாம். தாண்டாது, ஆகவே −28. ஆனால் கடனில் இது இன்னும் வேகம். 47 வெள்ளி தரணும், 19 கொடுத்தாச்சு, இன்னும் 28 பாக்கி. பெரிய எண்களை மனதில் போட கடனைப்போல வேறொன்று இல்லை. இது அதன் முதல் வேலை.

இரண்டாவது வேலை விடையைச் சரிபார்ப்பது. −3 − 5 = 8 என்று எழுதிய பையனிடம் விதி பேசவேண்டியதில்லை. "3 வெள்ளி கடன் இருக்கு, மேல 5 கடன் வாங்கின, இப்ப கையில 8 வெள்ளி மிச்சமா?" என்றால் அவனே சிரித்துக்கொண்டு அழிப்பான். இந்த நேரத்துக்குள் −8 என்ற எண் அவனுக்கு ஓர் இடமாகத் தெரியும் என்பதால், "தரணும்" என்று வார்த்தையில் தப்பித்துக்கொள்ளவும் மாட்டான்.

பெருக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 4 × (−3)-க்கு மூன்று வழியும் ஒத்துழைக்கும், எண்கோட்டில் இடப்பக்கம் நான்கு முறை மூன்று தாவல். (−4) × (−3) வந்ததும் எண்கோடு தனியாக நின்றால் கைவிரிக்கும். அங்கே வெப்பநிலையோடு நேரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மணிக்கு 3 டிகிரி இறங்கிக்கொண்டே வந்து இப்போது 0-இல் இருக்கிறது. 4 மணி நேரத்துக்குமுன் எவ்வளவு இருந்தது? 12. இறக்கத்தை −3 என்றும் முந்தைய நேரத்தை −4 என்றும் எழுதினால் விடை +12. மூன்று வெள்ளிக் கடன் சீட்டு நான்கைக் கிழித்துப் போட்டால் 12 வெள்ளி லாபம் என்றும் சொல்லலாம், ஆனால் சீட்டு முதலில் எங்கிருந்து வந்தது என்ற பழைய கேள்வி இங்கேயும் எட்டிப்பார்க்கும்.

நேரம் குறைவு, ஒரே ஓர் அமர்வுதான் கிடைக்கும் என்றால், வெப்பமானியில் பாதி, அதைப் படுக்க வைத்த கோட்டில் பாதி என்று பிரித்துக்கொண்டு, கடனைத் தொடாமல் விட்டுவிடுங்கள். விதியை ஏற்கெனவே மனப்பாடம் செய்துகொண்டு வந்த பிள்ளையானால், −3 − 5-க்கு 8 எழுதிய அந்தத் தாளையே எடுத்துக் கடன் கேள்வியைக் கேட்டு, விதியின்மேல் சந்தேகம் வந்தபிறகு வெப்பமானிக்குப் போகலாம். ஜனவரிக்குப் பிறகு பள்ளியில் வட்டுகளைக் கொடுத்தால், வீட்டில் ஒரே கணக்கை வட்டிலும் கோட்டிலும் செய்யச் சொல்லுங்கள். விடை வேறுபட்டால் நீங்கள் திருத்த வேண்டாம். கோட்டில் எந்தப் புள்ளியில் தொடங்கினாய், வட்டில் எத்தனை ஜோடி போட்டாய் என்று மட்டும் கேளுங்கள்.